ஒரு குழந்தைக்கு மாதம் எவ்வளவு? இல்லத்தின் பட்ஜெட்டில் இந்தக் கேள்வி காட்டாத பகுதி

குழந்தைகள் இல்லத்துக்கு உதவ வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "ஒரு குழந்தைக்கு மாதம் எவ்வளவு ஆகும்?" என்பதுதான். இல்லமும் ஒரு தொகையைச் சொல்கிறது. அதை நம்பிப் புரவலர்கள் சேர்கிறார்கள். அதை வைத்தே அடுத்த ஆண்டின் பட்ஜெட்டும் போடப்படுகிறது. ஆனால் இல்லத்தின் செலவில் ஒரு பகுதி மட்டுமே குழந்தைகளின் எண்ணிக்கையோடு ஏறி இறங்கும். பெரும்பகுதி, வீட்டைத் திறந்து வைத்திருக்கவும் இரவு பகலாகப் பொறுப்பான பெரியவர்களை அங்கே நிறுத்தவும் ஆகிற செலவு. இந்த இரண்டையும் ஒன்றாகக் கூட்டி, தலைக்கு இவ்வளவு என்று வகுத்துவிட்டால், எந்தப் பணம் எதைத் தாங்குகிறது என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடுகிறது.

ஓர் இல்லத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அங்கே 24 பிள்ளைகள், 6 வயது முதல் 17 வயது வரை, ஆணும் பெண்ணுமாக இருக்கிறார்கள். எட்டு எட்டுப் பேராக மூன்று குழுக்கள். விலையும் சம்பளமும் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் பணத்தில் சொல்லாமல், ஆண்டின் மொத்தச் செலவை 1000 பங்கு என்று வைத்துக்கொள்கிறேன். அதில் பராமரிப்பாளர் சம்பளம் 380. உணவு 210, இதில் 160 பொருள்களுக்கு, 50 சமையல் ஆளுக்கும் எரிபொருளுக்கும். பள்ளிச் செலவு 110, மருத்துவம் 40. வாடகை, மின்சாரம், தண்ணீர், பழுதுபார்ப்பு எல்லாம் சேர்ந்து 120. சமூகப் பணியாளர், கணக்கு, நிர்வாகம் 110. மீதி 30 கையிருப்பு நிதிக்கு. எல்லா இல்லத்துக்கும் இதே விகிதம் பொருந்தாது. ஆனால் செலவுகள் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்று காட்ட இது போதும்.

மூன்று குழுவுக்கு எத்தனை பேர்?

பட்ஜெட்டில் மிகப் பெரிய செலவு பராமரிப்பாளர் சம்பளம். மிக அதிகமாகத் தவறாகக் கணக்கிடப்படுவதும் அதுதான். குழு மூன்று, ஆகவே மூன்று பேர், மாற்றுக்கு இன்னும் மூன்று பேர், மொத்தம் ஆறு என்று மனக்கணக்கில் முடித்துவிடுகிறார்கள். ஆட்களை எண்ணுவதற்கு முன் மணி நேரங்களை எண்ண வேண்டும்.

பள்ளி நாளில் காலை ஐந்தரை முதல் எட்டரை வரை மூன்று குழுவுக்கும் தலா ஒருவர் வேண்டும். பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் ஏழு மணி நேரத்துக்கு ஒருவர் போதும். காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளையைப் பார்க்கவும், பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் ஓடவும் அவர் இருக்க வேண்டும். மாலை மூன்றரை முதல் இரவு ஒன்பதரை வரை மறுபடி மூன்று பேர். இரவு எட்டு மணி நேரத்துக்கு இரண்டு பேர். ஆண், பெண் பிள்ளைகள் தனித்தனியே உறங்குவது இதற்கு ஒரு காரணம். பிள்ளைகளோடு இரவில் ஒரே ஒரு பெரியவர் தனியாக இருக்கும் நிலை வரக்கூடாது என்பது இன்னொரு காரணம். இப்படிக் கூட்டினால் பள்ளி நாளுக்கு 50 மணி நேர வேலை. விடுமுறை நாளில் பகலிலும் மூன்று பேர் தேவைப்படுவதால் அது 64 ஆகிறது. பள்ளி நாள் 200, மற்ற நாள் 165 என்று கொண்டால் ஆண்டுக்கு 20,560 மணி நேரம்.

இனி ஒருவரால் எவ்வளவு வேலை செய்ய முடியும்? வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வைப்போம். 1919-இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையில் தொழிற்சாலைகளுக்கு வகுத்த வார வரம்பு அதுதான். அதைவிடக் குறைவாக வேலை வாங்குவது நல்லது. சம்பளம் 52 வாரத்துக்குக் கொடுக்கிறோம். ஆண்டு விடுப்பு, பொது விடுமுறை, உடம்புக்கு முடியாத நாள், பயிற்சி எல்லாம் போக, ஒருவர் உண்மையில் வேலைக்கு வருவது சுமார் 45 வாரம். அப்படியானால் ஆளுக்கு 2,160 மணி நேரம். வகுத்தால் ஒன்பதரை வருகிறது. அதாவது பத்துப் பேர் வேண்டும். ஆளுக்கு 38 பங்கு, மொத்தம் 380.

ஆறு பேரோடு ஓட்டினால் ஆண்டுக்கு 152 பங்கு மிச்சமாவது போலத் தெரியும். ஆனால் வேலை அதே 20,560 மணி நேரம்தான். அதை ஆறு பேர் பகிர்ந்தால் ஒவ்வொருவரும் வாரத்துக்கு 76 மணி நேரம் உழைக்க வேண்டும். எவராலும் அதை நெடுநாள் தாங்க முடியாது. சிலர் வேலையை விட்டுப் போவார்கள். அல்லது காகிதத்தில் மூன்று பேர் இருக்கும் மாலை நேரத்தில் நிஜத்தில் ஒருவரே 24 பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு பராமரிப்பாளர் போய் இன்னொருவர் வரும்போதெல்லாம் பிள்ளைகள் ஒரு பழகிய முகத்தை இழக்கிறார்கள். ஏற்கெனவே பெற்றோரைப் பிரிந்து வந்தவர்களுக்கு அது சின்ன இழப்பு இல்லை.

இப்படி நடக்கிறதா என்று தெரிந்துகொள்ளப் பெரிய தணிக்கை தேவையில்லை. மூன்று மாதத்து இரவுப் பணிப் பதிவேட்டைப் பார்த்தால் போதும். அதே இரண்டு பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றனவா, இரவு வேலை பார்த்தவர் மறுநாள் காலையும் பணியில் இருக்கிறாரா, எடுக்காத விடுப்பு குவிந்து கிடக்கிறதா என்பதெல்லாம் அதிலேயே தெரியும். ஓராண்டில் எத்தனை பராமரிப்பாளர்கள் விலகினார்கள் என்ற எண்ணையும் கேட்டுப் பாருங்கள். பட்ஜெட்டில் பராமரிப்பாளருக்கான ஒதுக்கீடு சரியாக இருக்கிறதா என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

உணவு, பள்ளி, மருத்துவம்

உணவுக் கணக்கில் இரண்டு விஷயங்கள் தவறுகின்றன. ஒன்று வயது. தலைக்கு இவ்வளவு என்று சென்ற ஆண்டின் தொகையோடு விலையேற்றத்தை மட்டும் கூட்டிப் போடுகிறார்கள். ஆனால் அதே பிள்ளைகள் இந்த ஆண்டு ஒரு வயது கூடியவர்கள். உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட ஆற்றல் தேவைக் கணக்கின்படி, 17 வயதுப் பையனுக்கு வேண்டிய ஆற்றல் ஆறு வயதுப் பையனுக்கு வேண்டியதைப்போல் சுமார் இரண்டு மடங்கு. புதிதாகச் சின்னப் பிள்ளைகள் வராத இல்லத்தில், விலை ஏறாவிட்டாலும் உணவுச் செலவு ஆண்டுக்கு ஆண்டு ஏறத்தான் செய்யும். ஏறவில்லை என்றால் யாரோ அரை வயிற்றோடு எழுந்திருக்கிறார்கள் என்று பொருள்.

இன்னொன்று, பொருளாக வரும் நன்கொடை. மூட்டை மூட்டையாகத் தானியம் வருகிறது, விசேஷ நாளில் ஒருவேளைச் சாப்பாட்டை யாரோ ஏற்றுக்கொள்கிறார்கள். நல்லது. ஆனால் அவற்றின் மதிப்பைக் கணக்கில் எழுதாவிட்டால், வாங்கிய பொருளின் செலவு மட்டுமே உணவுச் செலவாகத் தெரியும். அடுத்த ஆண்டு அந்த நன்கொடை வராதபோது பட்ஜெட் திடீரென்று பற்றாது. மாதத் தொடக்க இருப்பு, வாங்கியது, நன்கொடையாக வந்தது மூன்றையும் கூட்டி, மாதக் கடைசி இருப்பைக் கழித்தால் உண்மையில் சமைத்த அளவு வரும். அதைப் பரிமாறிய சாப்பாட்டு எண்ணிக்கையால் வகுத்தால் ஒருவேளைச் சாப்பாட்டின் நிஜமான செலவு கிடைக்கும். பணியில் இருக்கும் பராமரிப்பாளர்களும் அங்கேயேதான் சாப்பிடுகிறார்கள். அவர்களையும் அந்த எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும்.

பள்ளிச் செலவில் தொகையைவிடக் காலம்தான் பிரச்சினை. நம் இல்லத்தில் 110 பங்கில் 60 பள்ளி திறக்கும் மாதத்திலேயே போய்விடும் என்று வையுங்கள்: கட்டணம், சீருடை, புத்தகம், காலணி, போக்குவரத்துக்கு முன்பணம். பள்ளியைத் தவிர்த்த மற்றச் செலவு மாதத்துக்கு 74 பங்கு. ஆகவே அந்த ஒரு மாதத்தில் மட்டும் 134 பங்கு தேவை. வரவு மாதாமாதம் சீராக 83 என்று வந்தாலும் 51 குறைகிறது. சாதாரண மாதத்தில் பள்ளிக்கான சிறு செலவுகள் போக நாலரைப் பங்குதான் மிஞ்சும். அதாவது ஒரு பள்ளித் திறப்புக்கு அதற்கு முந்தைய பதினொரு மாதங்களும் சேமிக்க வேண்டும். ஆண்டு மொத்தத்தில் வரவும் செலவும் சரியாக இருந்தும் பள்ளி திறக்கும்போது இல்லம் கடன் வாங்குவதற்குக் காரணம் இதுதான். அந்தக் கடன் பெரும்பாலும் பராமரிப்பாளரிடமிருந்தே வாங்கப்படுகிறது, சம்பளத்தைத் தள்ளிப்போடுவதன் மூலம். மாதவாரியாக வரவு செலவு எழுதாத பட்ஜெட்டை நான் பாதி பட்ஜெட் என்றுதான் சொல்வேன்.

மருத்துவத்தில், பரிசோதனைக்கு ஆகும் செலவு குறைவு. பிள்ளை வந்து சேர்ந்த முதல் சில நாட்களில் முழுப் பரிசோதனை, விட்டுப்போன தடுப்பூசிகள், மூன்று மாதத்துக்கொரு முறை உயரமும் எடையும், ஆண்டுக்கொரு முறை கண், காது, பல். இவற்றில் பல இலவச முகாம்களிலேயே முடிந்துவிடும். அதனால் சில இல்லங்கள் மருத்துவத்துக்கு ஏறக்குறைய ஒன்றும் ஒதுக்குவதில்லை. ஆனால் பரிசோதனை முடிவில்தான் செலவு தொடங்குகிறது. ஐந்து பிள்ளைகளுக்குக் கண்ணாடி வேண்டும், மூன்று பேருக்குப் பல் அடைக்க வேண்டும், இருவருக்கு மனநல ஆலோசனை மாதக்கணக்கில் தொடர வேண்டும் என்று சீட்டு வரும். ஒதுக்கிய 40 பங்கில் பரிசோதனைக்குப் பத்து, அதன் பின்தொடர்ச்சிக்கு முப்பது என்று பிரித்து வைப்பது என் பரிந்துரை. சீட்டு எழுதிய நாளுக்கும் கண்ணாடி கைக்கு வந்த நாளுக்கும் இடையே எத்தனை வாரம் என்று பதிவேட்டில் குறித்து வந்தால், பணம் போதுமா என்பது அதிலேயே தெரியும்.

எடைப் பதிவேட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. 5 முதல் 19 வயது வரையிலானவர்களுக்கு உலக சுகாதார அமைப்பு 2007-இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடங்களில் ஒவ்வொரு பிள்ளையின் அளவையும் குறித்து வந்தால், ஒரு பிள்ளையின் கோடு மட்டும் தட்டையாவது அந்தப் பிள்ளையின் உடல்நலம் பற்றிய செய்தி. ஒரே காலாண்டில் ஆறேழு பேரின் கோடு சேர்ந்து தட்டையானால், முதலில் சமையலறைக் கணக்கைத் திறந்து பார்க்க வேண்டும்.

புரவலர் பணம் எதைத் தாங்குகிறது?

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். இந்த இல்லத்தில் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு எவ்வளவு ஆகிறது? மூன்று பதில்கள் சொல்லலாம், மூன்றும் சரிதான். உணவு, பள்ளி, மருத்துவம் மட்டும் என்றால் 360 பங்கு, தலைக்கு 15. மொத்தச் செலவையும் 24-ஆல் வகுத்தால் தலைக்கு சுமார் 42. கூடுதலாக ஒரு குழந்தை வந்தால் ஏறும் செலவு, அல்லது ஒரு குழந்தை போனால் குறையும் செலவு என்றால், சமையல் ஆளின் சம்பளம் மாறாது என்பதால், சுமார் 13.

புரவலரிடம் 15 என்று சொல்வது எளிது. சாப்பாடு, படிப்பு, மருந்து என்று கேட்டதும் மனம் ஒப்புக்கொள்ளும். 24 பிள்ளைகளுக்கும் புரவலர் கிடைத்துவிட்டால் இல்லம் நிறைந்துவிட்டதாகவே தோன்றும். ஆனால் மீதி 640 பங்குக்கு ஆள் இல்லை. அதில் பராமரிப்பாளர் சம்பளம் முழுதாக உட்கார்ந்திருக்கிறது. பத்துப் பேர் வேண்டிய இடத்தில் ஆறு பேர் இருப்பதற்கு மிகப் பொதுவான காரணம் இதுதான். சம்பளத்துக்குப் பணம் தருகிறேன் என்று யாரும் முன்வராதபோது, குறைக்க முடிகிற ஒரே பெரிய செலவும் அதுவாகவே ஆகிவிடுகிறது.

அப்படியானால் 42 என்று உண்மையைச் சொல்லி வாங்கிவிடலாமே? சொல்வது நேர்மைதான். ஆனால் அந்தத் தொகையைக் குறிப்பிட்ட ஒரு குழந்தையின் பெயரோடு கட்டிவிட்டால் வேறொரு ஆபத்து வருகிறது. இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தந்தையோ நெருங்கிய உறவினரோ உண்டு. வறுமையும் நோயும்தான் பலரைப் பிரித்து வைத்திருக்கின்றன. சமூகப் பணியாளர் ஆறு மாதம் அலைந்து ஒரு சிறுமியை அவள் பாட்டியிடம் சேர்த்துவிட்டார் என்று வையுங்கள். புரவலரின் 42 பங்கு நின்றுவிடும். இல்லத்துக்குக் குறையும் செலவோ 13 தான். ஆக, ஒரு குழந்தையை வீடு சேர்த்ததற்காக இல்லத்துக்கு ஆண்டுக்கு 29 பங்கு இழப்பு, அதாவது ஒரு பராமரிப்பாளர் சம்பளத்தில் முக்கால் பகுதி. நல்ல மனம் படைத்த நிர்வாகி இதைத் தெரிந்தே ஏற்பார். ஆனால் எல்லாரும் எல்லா ஆண்டும் அப்படி ஏற்பார்கள் என்று நம்பிப் பட்ஜெட் போடக்கூடாது. 2009-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டு நெறிகள், நிதி தரப்படும் விதம் குழந்தைகளைத் தேவையின்றி இல்லத்தில் சேர்க்கவோ நீண்டகாலம் அங்கேயே வைத்திருக்கவோ தூண்டுவதாக இருக்கக்கூடாது என்று சொல்வது இந்தக் கணக்கைப் பற்றித்தான்.

குடும்பச் சூழல் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அறிவியல் சான்றும் உண்டு. ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் இல்லங்களில் வளர்ந்த 136 சிறு குழந்தைகளை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்துப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். குடும்பங்களுக்குப் போனவர்கள் அறிவு வளர்ச்சியிலும் பெரியவர்களோடு ஒட்டுதலிலும் முன்னே நின்றார்கள். சிறு வயதிலேயே போனவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்தது.

ஆகவே புரவலர் பணத்தைப் பிள்ளையின் பெயரிலிருந்து அவிழ்த்து, வீட்டோடும் பணியிடத்தோடும் கட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒருவர் ஓர் இரவுப் பராமரிப்பாளரின் சம்பளத்தில் கால் பங்கை ஏற்கலாம். இன்னொருவர் எட்டுப் பேர் குழுவின் ஆண்டுச் செலவில் ஒரு பகுதியை ஏற்கலாம். பிள்ளையின் படத்தையும் வீட்டுக் கதையையும் அந்நியர் கையில் கொடுக்க வேண்டிய அவசியமும் அதோடு போய்விடும். குழந்தையின் பெயரில்தான் கொடுப்பேன் என்பவரிடம், பிள்ளை வீடு திரும்பிய பிறகு ஓராண்டுக்கு அந்தப் பணத்தில் 13 பங்கு குடும்பத்தின் பள்ளி, மருத்துவச் செலவுக்குப் போகும், மீதி இல்லத்துக்கே என்று தொடக்கத்திலேயே எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடலாம். திரும்பிய பிள்ளைகள் சிலர் மறுபடி இல்லத்துக்கே வந்துவிடுவதில் அந்த முதல் ஆண்டின் பணத்தட்டுப்பாட்டுக்குப் பெரிய பங்குண்டு.

கையிருப்பு நிதியையும் இங்கே பார்க்க வேண்டும். பெரிய புரவலர் ஒருவர் திடீரென நின்றால் வேறொருவரைத் தேட மூன்று மாதமாவது வேண்டும். மூன்று மாதச் செலவு 250 பங்கு. ஆண்டுக்கு 30 வீதம் சேர்த்தால் அதை எட்ட எட்டு ஆண்டுக்கு மேல் ஆகும். அதனால்தான் எதிர்பாராமல் வரும் பெரிய நன்கொடையைப் புதுக் கட்டடத்தில் போடுவதற்கு முன் இந்த நிதியில் போடச் சொல்கிறேன்.

நம் இல்லம் எல்லாவற்றையும் சரியாகச் செய்து, இரண்டு ஆண்டில் எட்டுப் பிள்ளைகளைக் குடும்பங்களில் சேர்த்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு குழு மூடப்படுகிறது. மீதி 16 பேர். பராமரிப்பு வேலை ஆண்டுக்கு 16,120 மணி நேரமாகிறது. பத்துப் பேருக்குப் பதில் எட்டுப் பேர் போதும். இரவில் இருவர் என்பது மாறாததால் அதற்குக் கீழே போகாது. பராமரிப்பாளர் 304, உணவு 157, பள்ளி 73, மருத்துவம் 27, வீடும் நிர்வாகமும் கையிருப்பும் முன்போலவே 260. மொத்தம் 821 பங்கு. அதை 16-ஆல் வகுத்தால் தலைக்கு 51.

ஆண்டறிக்கையில் இந்த ஒரு எண்ணை மட்டும் பார்க்கும் புரவலருக்கு, செலவு 42-லிருந்து 51-க்கு ஏறிவிட்டது, நிர்வாகம் மோசமாகிவிட்டது என்றே தோன்றும். காலியான எட்டுப் படுக்கைகளை நிரப்பினால் எண் மறுபடி அழகாகிவிடும். அந்த ஆசை வராமல் காக்க வேண்டியது அறிக்கையின் வேலை. தலைக்கு ஆன செலவின் பக்கத்திலேயே இன்னும் இரண்டு எண்களை அச்சிடலாம்: இந்த ஆண்டு குடும்பத்துக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேர், சென்ற ஆண்டு திரும்பியவர்களில் இன்னும் அங்கேயே இருப்பவர்கள் எத்தனை பேர். புரவலர்கள் தம் கேள்விப் பட்டியலில் இவ்விரண்டையும் சேர்த்துக்கொண்டால், இல்லங்களும் அவற்றைக் கணக்கெடுக்கத் தொடங்கும்.